ஒரே ராசியில் கூட்டமாக நிற்கும் கிரகங்கள்: ஸ்டெல்லியத்தை எந்த வரிசையில் வாசிப்பது

ஜாதகக் கட்டத்தில் ஒரு வீட்டில் மட்டும் ஐந்தாறு கிரகங்கள் நெருக்கியடித்து நிற்க, மற்ற வீடுகள் காலியாகக் கிடக்கும். மேற்கத்திய ஜோதிடர்கள் இதை ஸ்டெல்லியம் என்பார்கள். நம் பக்கம் கிரகச் சேர்க்கை, கிரகக் கூட்டு என்று சொல்கிறோம். கற்க வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஒவ்வொரு கிரகத்துக்கும் தனித்தனியாகப் பலன் எழுதி, கடைசியில் ஒன்றுக்கொன்று முரணான பத்து வாக்கியங்களோடு நிற்பார்கள். வாசிக்கும் வரிசை சரியாக இருந்தால் இந்தக் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

வழிகாட்டி முழுவதற்கும் ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 1962 பிப்ரவரி 3 மாலையிலிருந்து 5 மாலை வரை சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி, கேது என எட்டும் மகரத்தில் கூடின. அஷ்டகிரகச் சேர்க்கை என்று அப்போது நாடே பேசியது. உலகம் அழியப் போகிறது என்று பயந்து பல ஊர்களில் யாகங்கள் நடந்தன. உலகம் அழியவில்லை. ஆனால் அந்த இரண்டு நாட்களில் பிறந்த அத்தனை பேருக்கும் ராசிக்கட்டத்தில் அந்தக் கூட்டம் இருக்கிறது. பயிற்சிக்காக, பிப்ரவரி 4 அன்று காலை 11.30 மணிக்குச் சென்னையில் பிறந்த ஒருவர் என்று நாமே ஒரு ஜாதகத்தை வைத்துக்கொள்வோம். லக்னம் மேஷம். கூட்டம் நிற்பது பத்தாம் வீட்டில்.

## 1. முன்னதாக எடுத்து வைக்க வேண்டியவை

ராசிக்கட்டம் மட்டும் போதாது. ஒவ்வொரு கிரகமும் எத்தனை பாகையில் நிற்கிறது என்ற கிரக ஸ்புடம் கட்டாயம் வேண்டும். அதோடு நவாம்சக் கட்டம், சந்திரன் நிற்கும் நட்சத்திர பாதம், தசை இருப்பு இவையும் வேண்டும்.

எந்தப் பஞ்சாங்கம், எந்த அயனாம்சம் என்பதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சிறிய வித்தியாசம்தான் இருக்கும் என்று விட்டுவிடக் கூடாது. கிரகங்கள் நெருங்கி நிற்கும்போது அந்தச் சிறிய வித்தியாசம் ஒரு கிரகத்தை வேறு நவாம்சத்துக்குத் தள்ளிவிடும். இங்கே நான் கொடுப்பது திருக்கணிதம், லாஹிரி அயனாம்சம். நம் உதாரணத்தில் செவ்வாய் சுமார் 9 பாகை, சனி 10 பாகையைக் கொஞ்சம் தாண்டி, சந்திரன் 11. பிறகு ஓர் இடைவெளி. அப்புறம் சூரியன் 21, சுக்கிரன் 23-ஐ ஒட்டி, குருவும் கேதுவும் 24, 25 வாக்கில். புதனும் 20 பாகைக்கு மேல், வக்ரத்தில். ராகு மட்டும் எதிரே கடகத்தில் தனியாக நிற்கிறார்.

பிறந்த நேரத்தை நிச்சயப்படுத்திக்கொள்வதும் இந்தக் கட்டத்திலேயே நடக்க வேண்டும். லக்னம் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். அரை நாள் வித்தியாசத்தில் பிறந்தவருக்கு இதே கூட்டம் பத்தாம் வீட்டை விட்டு வேறெங்கோ போயிருக்கும்.

## 2. இது உண்மையிலேயே கூட்டம்தானா என்று பாருங்கள்

மூன்று கிரகங்கள் ஒன்றாக இருந்தாலே ஸ்டெல்லியம் என்று பலர் எழுதுகிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகவே முடியாது. சுக்கிரன் 47, 48 பாகைக்கு மேல் விலகாது. ஆகவே சூரியன், புதன், சுக்கிரன் மூன்றும் ஒரே வீட்டில் இருப்பது மிகச் சாதாரணம், அதை வைத்துப் பெரிய பலன் எழுத இடமில்லை.

சூரியனோடு செவ்வாய், குரு, சனி ஆகியவற்றில் ஒன்றாவது சேர்ந்து, மொத்தம் நான்காவது இருந்தால்தான் கூட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டும். நம் மரபில் பிரவிரஜ்ய யோகம், அதாவது சன்னியாச யோகம் என்பதற்கும் நான்கு கிரகங்கள்தான் கணக்கு. அதிலும் ஒன்றாவது பலமாக இருக்க வேண்டும் என்பார்கள். இந்த யோகத்தைப் பார்த்ததும் "துறவியாகிவிடுவார்" என்று சொல்லிவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. எந்தக் கிரகம் பலமாக இருக்கிறது, எந்த வீட்டில் என்று பார்க்காமல் அதைச் சொல்லக் கூடாது. ராகு, கேதுவை இந்த நான்கில் சேர்ப்பதில்லை.

## 3. கூட்டத்தைத் தொடுவதற்கு முன் வீட்டுக்காரரைப் பாருங்கள்

ஒரு வீட்டில் எத்தனை பேர் தங்கியிருந்தாலும் வீடு யாருடையதோ அவர் நிலைதான் அனைவரையும் பாதிக்கும். ஆகவே கூட்டம் நிற்கும் ராசியின் அதிபதி எங்கே, எப்படி இருக்கிறார் என்பதுதான் முதல் கேள்வி. அவர் வேறு வீட்டில் இருந்தால் இத்தனை கிரகங்களும் அந்த வீட்டு விஷயத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அவர் பன்னிரண்டில் மறைந்து நீசமானால், கூட்டம் எவ்வளவு பெரிதானாலும் அடித்தளம் தளர்ந்ததாகவே வாசிப்பார்கள்.

நம் உதாரணத்தில் மகரத்தின் அதிபதி சனி. அவர் அங்கேயே ஆட்சியாக இருக்கிறார். வேறு வீட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. இந்தக் கூட்டத்தின் போக்கு சனியின் போக்கு: மெதுவாக, உழைப்பால், ஒழுங்குக்கு உட்பட்டு. இந்த ஒரு வரியை எழுதி வைத்துக்கொண்டு மேலே போனால், பிறகு வரும் எந்தப் பலனையும் அதன் அளவுக்கு மீறி எழுத மாட்டீர்கள்.

## 4. பாகையை வைத்துக் குழுக்களாகப் பிரியுங்கள்

பலர் தாண்டிப் போய்விடுவதும், பலனை அதிகம் மாற்றுவதும் இந்தப் படிதான். ஒரே கட்டத்தில் எழுதியிருப்பதால் எட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதாக நினைக்கிறோம். ராசி 30 பாகை நீளம். இரண்டு பாகை இடைவெளியில் நிற்பவர்களின் உறவும், பதினைந்து பாகை இடைவெளியில் நிற்பவர்களின் உறவும் ஒன்றாகாது.

காகிதத்தில் 0 முதல் 30 வரை ஒரு கோடு போட்டு, கிரகங்களை அவற்றின் பாகையில் புள்ளியாக வையுங்கள். நம் உதாரணத்தில் இரண்டு கொத்துகள் தெளிவாகத் தெரியும். செவ்வாய், சனி, சந்திரன் மூன்றும் 9 முதல் 11 பாகைக்குள். சூரியன், சுக்கிரன், குரு, கேது, புதன் ஐந்தும் 20-க்கு மேல். நடுவில் பத்துப் பாகை வெறுமை.

இதன் விளைவைப் பாருங்கள். குருவும் சனியும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்தால் இருவரையும் இறுக்கமாகச் சேர்த்துப் பலன் எழுதத் தோன்றும். ஆனால் அவர்களுக்கு நடுவே 14 பாகை இருக்கிறது. குருவை ஒட்டி நிற்பது கேதுவும் சுக்கிரனும். சனியை ஒட்டி நிற்பது செவ்வாயும் சந்திரனும். ஆகவே இந்த ஜாதகரின் மனநிலையை வாசிக்க சந்திரன், சனி, செவ்வாய் மூவரையும்தான் முதலில் எடுக்க வேண்டும். அடக்கமும் அவசரமும் ஒரே நேரத்தில் இழுக்கும் மனம் என்று வாசிப்பார்கள். குருவின் ஆறுதல் இந்தச் சந்திரனுக்கு அருகில் இல்லை.

இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். அதே நாள் இரவில் பிறந்திருந்தால் சந்திரன் முதல் கொத்தை விட்டு நகர்ந்து இரண்டாவது கொத்தை நெருங்கியிருக்கும். மறுநாள் விடியற்காலை அமாவாசை, கிரகண நேரம். ராசிக்கட்டத்தில் சந்திரன் அதே மகரம்தான், ஆனால் கூட்டாளிகள் மாறிவிட்டார்கள். கட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது.

பாவச் சக்கரம் போடும் வழக்கம் உள்ளவர்கள், மகரத்தின் கடைசிப் பாகைகளில் நிற்கும் கிரகம் பதினொன்றாம் பாவத்துக்கு நகர்கிறதா என்றும் இப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

## 5. யார் பலமாக இருக்கிறார், யார் அமுங்கியிருக்கிறார்

மகரத்தில் சனி ஆட்சி, செவ்வாய் உச்சம், குரு நீசம். இதுவரை எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். அடுத்து அஸ்தங்கம் பார்க்க வேண்டும். சூரியன் உள்ள கூட்டத்தில் இதைப் பார்க்காமல் விட்டால் வாசிப்பு தடம் மாறிவிடும்.

சூரியனுக்கு இத்தனை பாகைக்குள் வந்தால் அஸ்தங்கம் என்று வழக்கில் உள்ள கணக்கு இது: சந்திரன் 12, செவ்வாய் 17, புதன் 14 (வக்ரத்தில் 12), குரு 11, சுக்கிரன் 10 (வக்ரத்தில் 8), சனி 15. இதை அப்படியே வைத்தால் நம் ஜாதகத்தில் தப்பிப்பவர் யாரும் இல்லை. அதனால் "எல்லாம் அஸ்தங்கம், ஜாதகமே பலமில்லை" என்று முடித்துவிடும் தவறை அடிக்கடி பார்க்கிறேன்.

எல்லை ஒன்று, ஆழம் வேறு. சனி சூரியனிலிருந்து 11 பாகை தள்ளி ஆட்சியாக நிற்கிறார். செவ்வாய் 12 பாகைக்கு மேல் தள்ளி உச்சமாக நிற்கிறார். இவர்கள் ஓரத்தில் இருப்பவர்கள், பலம் குறையும், போய்விடாது. சுக்கிரன் 2 பாகையிலும் குரு 3 பாகையிலும் இருக்கிறார்கள். இவர்கள்தான் ஆழமாக அமுங்கியவர்கள்.

குருவின் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. நீசமான வீட்டின் அதிபதி சனி கேந்திரத்தில் உடன் இருக்கிறார், அங்கே உச்சமாகும் செவ்வாயும் உடன் இருக்கிறார், ஆகவே நீசபங்கம். இதைக் கண்டதும் குருவை முழு பலமுள்ளவராக எழுதிவிடுவார்கள். நீசபங்கம் நீசத்தைத்தான் சரிசெய்யும், அஸ்தங்கத்தைச் சரிசெய்யாது. இரண்டையும் தனித்தனிக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குரு முதலில் தாமதித்து, பிறகு இன்னொருவரின் அதிகாரத்துக்கு அடங்கிப் பலன் தருபவர் என்றுதான் வாசிக்க முடியும்.

சரி, இப்போது கூட்டத்தின் தலைவர் யார் என்று சொல்லலாம். சனியும் செவ்வாயும். மற்றவர்கள் இவர்கள் பின்னால் வருகிறார்கள்.

## 6. லக்னத்திலிருந்து ஆதிபத்தியம் எழுதுங்கள்

ஐந்தாம் படி வரை சொன்னதில் பெரும்பகுதி அந்த இரண்டு நாளில் பிறந்த எல்லோருக்கும் பொருந்தும். இந்த ஆள் யார் என்பது லக்னத்தில்தான் பிரிகிறது. அதனால்தான் ஆதிபத்தியத்தை இங்கே வைத்தேன். பலம் தெரியாமல் ஆதிபத்தியம் எழுதினால் பன்னிரண்டு வீட்டுப் பலனும் ஒரே எடையில் வந்துவிடும்.

மேஷ லக்னத்துக்குச் செவ்வாய் 1, 8. சுக்கிரன் 2, 7. புதன் 3, 6. சந்திரன் 4. சூரியன் 5. குரு 9, 12. சனி 10, 11. ஏழு கிரகங்களும் ஒரே வீட்டில் இருப்பதால் பன்னிரண்டு வீட்டு அதிபதிகளும் பத்தில் கூடியிருக்கிறார்கள். தாய், மனைவி, பிள்ளை, பணம், தந்தை என்று எதை எடுத்தாலும் அதன் பாதை தொழில் வழியாகத்தான் போகிறது.

இதை எப்படி வாசிப்பார்கள்? முதலில் தலைவர்களை எடுப்போம். லக்னாதிபதி செவ்வாய் பத்தில் உச்சம். செவ்வாய்க்குத் திக்பலம் கிடைக்கும் இடமும் பத்துதான். பத்தாம் அதிபதி சனி பத்திலேயே ஆட்சி. தொழிலால் அடையாளம் பெறும் ஜாதகம், நிர்வாகம், இயந்திரம், சீருடைப் பணி போன்ற சனி செவ்வாய்த் துறைகள் என்று சொல்வார்கள். செவ்வாய்க்கு எட்டாம் ஆதிபத்தியமும் இருப்பதால் திடீர்த் திருப்பங்களும் அதே தொழிலில் வரும் என்று சேர்ப்பார்கள்.

பிறகு அமுங்கியவர்கள். ஏழாம் அதிபதி சுக்கிரன் சூரியனிடம் 2 பாகையில் இருக்கிறார். திருமணம் நடக்காது என்று இதற்குப் பொருள் இல்லை. வேலைக்கு முன்னால் துணைவரின் குரல் அடங்கிப் போகும் என்பதுதான் கவனமான வாசிப்பு. ஒன்பதாம் அதிபதி குருவும் பத்தாம் அதிபதி சனியும் சேர்வது தர்மகர்மாதிபதி யோகம். யோகம் உண்டுதான், ஆனால் நான்காம் படியில் பார்த்த 14 பாகை இடைவெளியும் குருவின் அமுக்கமும் அதன் வேகத்தைக் குறைக்கின்றன. பாகையைப் பார்க்காதவர் இந்த யோகத்தைத்தான் முதல் வரியில் எழுதியிருப்பார்.

இதே கூட்டத்தைக் கடக லக்னத்துக்கு வைத்துப் பாருங்கள். அன்று மாலை பிறந்தவருக்கு அது. எட்டும் ஏழாம் வீட்டுக்குப் போய்விடும், வாழ்க்கை முழுவதும் துணைவர், கூட்டாளி வழியாக ஓடும்.

## 7. காலி வீடுகளுக்குப் பார்வை எப்படிப் போகிறது

கிரகம் இல்லாத வீடு பலன் இல்லாத வீடு என்று நினைப்பது பொதுவான பிழை. கூட்டத்திலிருந்து கிளம்பும் பார்வைகளைக் குறியுங்கள்.

ஏழாம் பார்வையாக எல்லோரும் நான்காம் வீடான கடகத்தைப் பார்க்கிறார்கள். கூட்டத்துக்கு அடுத்தபடியாக அழுத்தம் விழும் இடம் எப்போதும் இந்த எதிர்வீடுதான். இங்கே ராகுவும் இருப்பதால் வீடு, தாய், மன அமைதி ஆகியவை வேலைக்கு ஈடுகொடுக்க வேண்டிவரும். விசேஷப் பார்வைகளில், செவ்வாய் லக்னத்தையும் ஐந்தாம் வீட்டையும், சனி ஏழையும் பன்னிரண்டையும், குரு இரண்டையும் ஆறையும் பார்க்கிறார்கள். 3, 8, 9, 11 ஆகிய வீடுகளுக்குப் பார்வை இல்லை. அவற்றை அதிபதியின் நிலையை வைத்து மட்டும் சொல்லுங்கள்.

## 8. நவாம்சத்தில் கூட்டம் கலைகிறதா

ராசியில் ஒன்றாக நிற்பவர்கள் நவாம்சத்தில் பிரிந்துவிடுவார்கள். செவ்வாய் மீன நவாம்சம், சனியும் சந்திரனும் மேஷம், சூரியன் கடகம், குருவும் கேதுவும் சிம்மம்.

சனியைப் பாருங்கள். ராசியில் ஆட்சி, நவாம்சத்தில் நீசம். கூட்டத்தின் தலைவருக்கே உள்பலம் குறைவு. பதவி கிடைக்கும், அதைத் தாங்குவதில் சோர்வு வரும் என்று இதை வாசிப்பார்கள். இவர் 10 பாகையை இப்போதுதான் தாண்டியிருக்கிறார் என்பதால், வேறு பஞ்சாங்கத்தில் மீன நவாம்சமாகவும் வரக்கூடும். அப்படி எல்லையில் நிற்கும் ஒன்றை வைத்து அழுத்தமான பலன் சொல்லாதீர்கள். சுக்கிரனும் இங்கே எல்லையில்தான் இருக்கிறார், ஆகவே அவரை நான் இந்தப் படியில் தொடவில்லை.

## 9. தசையைப் போட்டு யார் எப்போது பேசுவார் என்று பாருங்கள்

எட்டுக் கிரகங்களும் வாழ்நாள் முழுக்க ஒரே நேரத்தில் பேசுவதில்லை. தசை யாருடையதோ அவர் பேசுவார், புக்தி யாருடையதோ அவர் இடையில் குரல் கொடுப்பார். கூட்டத்தைக் காலத்தில் பிரித்துப் போடும் வழி இது ஒன்றுதான்.

சந்திரன் திருவோணம் முதல் பாதம். பிறப்பில் சந்திர தசை இருப்பு சுமார் 9 ஆண்டு. 1971 வரை சந்திரன், 1978 வரை செவ்வாய், 1996 வரை ராகு, 2012 வரை குரு, 2031 வரை சனி.

பதினாறு வயது வரை நடந்த இரண்டு தசையும் முதல் கொத்தைச் சேர்ந்தவை. சனியோடு ஒட்டிய சந்திரன், சனியோடு ஒட்டிய செவ்வாய். சிறு வயதிலேயே பொறுப்பும் கண்டிப்பும் என்று வாசிப்பார்கள். அடுத்து வரும் ராகு கூட்டத்துக்கு வெளியே இருப்பதால் 16 முதல் 34 வயது வரை கூட்டம் அமைதியாக இருக்கும் என்று தோன்றும். அப்படி இல்லை. ராகு தான் நின்ற வீட்டின் அதிபதியைப் போலப் பலன் தருபவர். கடகத்தின் அதிபதி சந்திரன், அவர் பத்தில். ஆக வீட்டை விட்டு விலகித் தொழிலை நோக்கி இழுக்கும் காலம் அது.

1996-இல் தொடங்கும் குரு தசையில்தான் இரண்டாவது கொத்து வாய் திறக்கிறது. நீசபங்கம், அஸ்தங்கம், கேதுவின் நெருக்கம் மூன்றும் சோதனைக்கு வரும் 16 ஆண்டுகள். ஜாதகர் நேரில் இருந்தால் நான் முதலில் கேட்பது இந்தக் காலத்தைப் பற்றித்தான். தந்தை, உயர்பதவியில் இருந்தவர்கள், வெளியூர் செலவு இவை எப்படி இருந்தன என்று கேட்டு, அந்தப் பதிலோடு ஐந்தாம் படியில் எழுதியதை ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் பிறந்த நேரத்தையோ உங்கள் பல மதிப்பீட்டையோ திரும்பப் பாருங்கள். சனி தசையைப் பற்றிச் சொல்வதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும்.

## 10. கோசாரத்தைக் கடைசியில் வையுங்கள்

கூட்டம் உள்ள ராசியில் சனி நுழைந்ததும் எட்டுக் கிரகமும் ஒரே நாளில் அடிபடும் என்று பயமுறுத்துவார்கள். சனி ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டரை ஆண்டு எடுக்கும். 2020 ஜனவரியில் சனி மகரத்துக்குள் வந்தபோது இந்த ஜாதகருக்கு ஜென்மச் சனி. ஆனால் அவர் முதலில் கடப்பது 9 முதல் 11 பாகை வரை உள்ள கொத்தை, 20-க்கு மேல் உள்ளதை அதன் பிறகுதான்.

அதனால் நான்காம் படியில் போட்ட அதே கோட்டை மறுபடி எடுத்து, பஞ்சாங்கத்தில் சனி எந்த மாதம் எந்தப் பாகையில் இருந்தார் என்று அதன் கீழே குறியுங்கள். வக்ரமாகித் திரும்பி வந்த மாதங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவருக்கு அப்போது நடந்ததும் சனி தசையே என்பதால் 9 முதல் 11 பாகையைக் கடந்த மாதங்களைத்தான் அழுத்தமானவையாக எடுக்க வேண்டும். நடு இடைவெளியில் சனி சென்ற மாதங்களில் பெரிதாக எதையும் தேடாதீர்கள்.